தங்கை அனுப்பிய வக்கீல் நோட்டீஸுக்கு மூன்று விதமான பதில்கள்

அப்பா சுயமாகச் சம்பாதித்துக் கட்டிய வீடு. உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா, அண்ணன், இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள். அம்மாவோடு அந்த வீட்டில் குடியிருக்கும் அண்ணன் மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறார், கூரையைத் தன் பணத்தில் 6 லட்சம் செலவழித்து மாற்றியிருக்கிறார். மூத்த தங்கையின் வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வருகிறது: நான்கில் ஒரு பங்கு வேண்டும், வாடகைக்குக் கணக்கு வேண்டும், வீட்டை ஏமாற்றி அனுபவிக்கிறீர்கள், 15 நாளில் பதில் சொல்லுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி இந்த நால்வருக்கும் சமபங்கு உண்டு. ஆக, அவர் கேட்கும் அளவு சரிதான். மனதைக் குத்துவது அந்த 'ஏமாற்றி' என்ற சொல்.

அண்ணன் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, பதிலே போடாமல் இருப்பது. இப்படிப்பட்ட நோட்டீஸுக்குப் பதில் அனுப்பியே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 15 நாள் என்பது அந்த வக்கீல் வைத்த கெடு, அது முடிந்தாலும் வீடு கைவிட்டுப் போகாது. ஆனால் பின்னால் வழக்கு வந்தால், குற்றச்சாட்டுக்கு ஏன் வாயே திறக்கவில்லை என்ற கேள்வி எழும். கவரை வாங்காமல் திருப்பி அனுப்புவது அதைவிட மோசம். தபால்காரர் 'மறுக்கப்பட்டது' என்று எழுதிவிட்டால் நோட்டீஸ் உங்களுக்குக் கிடைத்துவிட்டதாகவே பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். தங்கையும் அதை அவமதிப்பாகத்தான் எடுத்துக்கொள்வாள்.

இரண்டாவது, வழக்கமான பதில் நோட்டீஸ். பத்தி பத்தியாக எல்லாம் பொய், கல்யாணத்தில் நகை போட்டாயிற்று, உனக்கு ஒரு பங்கும் கிடையாது என்று எழுதுவது. கோபம் கொஞ்சம் அடங்கும், சரி. ஆனால் போட்ட நகையால் அவள் வாரிசுரிமை போய்விடாது. 'எனக்கு வேண்டாம்' என்று ஒரு நாள் வாயால் சொல்லியிருந்தாலும் பங்கு விட்டுப்போகாது, அதற்குப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும்.

இந்த வழியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. கூட்டு வாரிசு ஒருவர் வீட்டில் குடியிருந்தால், மற்றவர்களுக்காகவும் சேர்த்தே அவர் வைத்திருப்பதாகச் சட்டம் பார்க்கிறது. அதனால் தங்கைக்கு அவசரம் எதுவும் இல்லை. 'உனக்கு உரிமையே இல்லை' என்று எழுத்தில் கொடுத்த நாளில் அந்த நிலை மாறுகிறது. 12 ஆண்டு கால வரம்பு ஓடத் தொடங்கிவிட்டது என்று அவள் வக்கீல் சொல்வார். உடனே பாகப்பிரிவினை வழக்கு போடுவோம், வீட்டை விற்கக் கூடாதென்று தடை வாங்குவோம் என்பார். பேச வந்தவளை நீதிமன்றத்துக்கு அனுப்பியது அண்ணனின் பதில்தான்.

மூன்றாவது, சுருக்கமான பதில். உண்மையை ஒப்புக்கொண்டு, பழியை மட்டும் மறுத்து, பேச நாள் குறிப்பது. இந்தக் குடும்பத்துக்கு நான் சொல்வது இதைத்தான். பதிலின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

'அப்பா உயில் எழுதாமல் இறந்தார் என்பது சரி. சட்டப்படி உங்களுக்குள்ள பங்கை என் கட்சிக்காரர் மறுக்கவில்லை. ஏமாற்றி அனுபவிப்பதாகச் சொல்வதை மறுக்கிறார். வாடகை வரவையும் கூரை மாற்றிய செலவையும் ரசீதுகளோடு 30 நாளில் தருவார். அம்மா காலம் வரை வீட்டைப் பிரிக்காமல் வைத்திருப்பதா, மதிப்புப் போட்டு உங்கள் பங்குக்குப் பணம் தருவதா என்று நேரில் பேச விரும்புகிறார்.'

கூரைச் செலவு இதில் சண்டைக் காரணமாக வராமல் கணக்காக வருகிறது, கவனியுங்கள். 'உங்களுக்காக இவ்வளவு செய்தேனே' என்று எழுதினால் அதற்குப் பதிலாக இன்னொரு பட்டியல்தான் வரும். எவ்வளவு பணம் தருவோம் என்ற தொகையை இந்தக் கடிதத்தில் போடக் கூடாது. அதை 'உரிமைகளுக்குப் பாதகமின்றி' என்ற தலைப்பில் தனிக் கடிதமாக எழுத வேண்டும். சமரசத்துக்காகச் சொன்ன தொகை, பேச்சு முறிந்த பிறகு ஒப்புதலாகக் காட்டப்படாமலிருக்க அந்த வரி உதவும்.

இந்த வழி எல்லோருக்கும் பொருந்தாது. அதே தங்கை முன்பே பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால், பங்கை மறுக்கவில்லை என்ற வாக்கியம் அண்ணனுக்கே எதிராகத் திரும்பும். அப்போது இரண்டாம் வழிதான் சரி, ஆனால் வசவு இல்லாமல். பத்திரத்தின் எண்ணையும் தேதியையும் முதல் பதிலிலேயே சொல்லிவிட வேண்டும். வழக்கு வந்த பிறகு முதன்முறையாக எடுத்து நீட்டினால், பிறகு சேர்த்த கதை என்ற சந்தேகம் வரும். அதனால் பதில் எழுத உட்காருமுன் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

பதிலை ஒப்புகையோடு கூடிய தபாலில் அனுப்பிவிட்டு, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். அங்கே கோபத்தில் போடும் செய்தியும் நீதிமன்றத்தில் சாட்சியமாக வரலாம். பேசி முடிவு எட்டினால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுத்து லோக் அதாலத்தில் தீர்த்துக்கொள்ளலாம். அங்கே கிடைக்கும் தீர்வுக்கு நீதிமன்றத் தீர்ப்பின் மதிப்பு உண்டு, அதன் மேல் அப்பீலும் கிடையாது.