வாளியில் இரத்தமா, கயிற்றில் ஈரமா?

ஒரே பேய்க்கதையை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். இடம் மட்டக்களப்பில் களுவாஞ்சிக்குடிப் பக்கம், வாவிக்கரையோரம் ஒரு வளவு. தாயும் மகனும் மட்டும். வளவில் கப்பி போட்ட கிணறு. அந்தக் கிணற்றில் ஏதோ சரியில்லை என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். எதைக் காட்டித் தெரியவைப்பது என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன.

முதலாவதில், தாய் வாளியை இழுக்கிறாள், தண்ணீருக்குப் பதில் இரத்தம் வருகிறது. வாசகர் முகம் சுளிப்பார், ஆனால் அதற்கு மேல் கதைக்குப் போக இடமில்லை. அடுத்த காட்சியில் கை வரவேண்டும், அதற்கடுத்து தலை வரவேண்டும். எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. யுத்தத்தைக் கண்ட ஒருவருக்கு, தாளில் எழுதிய இரத்தம் ஒன்றில் பொய்யாகப் படும், அல்லது அவரைக் கதையை விட்டே வெளியே இழுத்துக்கொண்டு தன் சொந்த நினைவில் விட்டுவிடும். இரண்டும் கதைக்கு உதவாது.

இரண்டாவதில், நடுச்சாமத்தில் கப்பி கிறீச்சிடுகிறது. இது முதலாவதைவிட நல்லது, ஏனென்றால் ஒன்றையும் காட்டவில்லை. ஆனால் இரவு, இருட்டு, சத்தம் என்று வந்தவுடன் ‘இனிப் பயப்பட வேண்டும்’ என்று வாசகர் தயாராகிவிடுகிறார். தயாரானவரைத் திடுக்கிட வைக்கலாம். புத்தகத்தை மூடிய பிறகும் அந்தத் திடுக்கம் அவரோடு வருவதில்லை.

மூன்றாவதைத்தான் வைத்துக்கொண்டேன். விடிந்து வெயில் ஏறிய நேரம். கயிற்றின் மறுமுனை, தூணில் கட்டியிருக்கும் முனை, ஈரமாக இருக்கிறது. அவ்வளவுதான்.

இது வேலை செய்ய வேண்டுமென்றால் அந்த முனை காய்ந்திருப்பதே வழக்கம் என்று வாசகர் முன்பே அறிந்திருக்க வேண்டும். தண்ணீர் அள்ளும்போது வாளிக்குக் கிட்ட ஒன்றிரண்டு முழந்தான் நனையும். ஆகவே முதற் பக்கத்தில், தாய் வாளியைக் கவிழ்த்து வைத்து, காய்ந்த முனையைத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுகிறாள். மூன்றாம் பக்கத்தில், அதே முனையில் கை துடைக்கிறாள். இரண்டு தடவையும் வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில், போகிற போக்கில் வரவேண்டும். ஒரு தடவை மட்டும் சொன்னால் மறந்துபோகும். மூன்று தடவை சொன்னால் வாசகர் கயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பிறகு அந்தக் காலை:

“மகன், ராவு தண்ணி அள்ளினயா?”

“இல்லம்மா. தேத்தண்ணி ஏன் உப்புக் கரிக்குது?”

ஆவணி வெயிலில் வாவிக்கரைக் கிணறுகள் உவர்ப்பது புதினமில்லை. தாயும் அதைத்தான் சொல்கிறாள். இப்படிப் பாதி பொருந்தும் விளக்கம் ஒன்று கட்டாயம் வேண்டும். அவள் நம்ப முயல்கிறாள், வாசகரும் கூடவே முயல்கிறார். உப்புக்குக் காரணம் உண்டு, ஈரத்துக்கு இல்லை. முழுக் கயிறும் தண்ணீருக்குள் போய்வந்திருந்தால்தான் அந்த முனை நனையும். அப்படிப் போயிருந்தால் தூணில் அவிழ்த்தது யார், திரும்பக் கட்டியது யார்? இந்தக் கேள்வியை எந்தப் பாத்திரமும் கேட்கக் கூடாது. முதல் வரைவில் மகனைக் கேட்கவைத்தேன், பதற்றம் அந்த இடத்திலேயே இறங்கிப்போனது.

2004 சுனாமியில் கரையோரக் கிணறுகளுக்குள் கடல் புகுந்ததும், பிறகு அவற்றை இறைத்துச் சுத்தம் செய்ததும் இங்கே எல்லாருக்கும் தெரியும். உப்புக் கரிக்கும் தேத்தண்ணி என்றதும் வாசகர் அதைத் தானே கொண்டுவருவார். சுனாமி என்ற சொல்லைக் கதையில் எழுதவில்லை. எழுதினால் அது என்னுடைய விளக்கமாகிவிடும், அந்தச் சாவுகளை அலங்காரமாக்கியதுபோலவும் இருக்கும்.

மூன்றாவது வழியும் தோற்கும். ‘ஏதோ ஒன்று’, ‘இனம்புரியாத உணர்வு’ என்று எழுதுவதை அடக்கம் என்று நினைத்தால் கதை வெறும் புகையாகிவிடும். கயிறு எங்கே நனைந்தது என்பது துல்லியமாக இருக்க வேண்டும், ஏன் என்பதை மட்டுமே மறைக்க வேண்டும். சரிபார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன். கதையை ஒருவரிடம் கொடுத்து, முதலில் மனம் உறுத்திய வரியில் கோடு போடச் சொல்வேன். கடைசி வரியில் மட்டும் கோடு விழுந்தால் முன்பக்கங்களில் கயிறு சரியாகப் பதியவில்லை. தேத்தண்ணிக்கு முன்பே விழுந்தால் நான் அதிகமாகக் காட்டிவிட்டேன்.

முடிவுக்கும் இரண்டு வடிவம் இருந்தது. ஒன்றில் தாய் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறாள். மற்றதில் அவள் பார்க்கவில்லை. ஈர முனையை அவிழ்த்து, வெயிலில் விரித்துக் காயவைத்து, பின்னேரம் திரும்பக் கட்டுகிறாள். வழக்கமாக இரண்டு சுற்று. அன்றைக்கு ஐந்து.