ரென்பையில் மூன்று வருடம்: அந்த else மீது இன்னும் கோபம்தான்

போன மாதம் மடிக்கணினியின் வன்தட்டு போய்விட்டது. பம்பலப்பிட்டியில் கொடுத்துப் புதிதாக மாட்டிக்கொண்டு வந்தேன். கோப்புகளைத் திரும்ப இறக்கும்போது, மூன்று வருடத்துக்கு முன் ரென்பை என்ற மென்பொருளில் நான் செய்த, விளையாடுபவரின் தெரிவுகளைப் பொறுத்து முடிவு மாறும் காட்சிக்கதையின் முதல் பொதி கையில் அகப்பட்டது. சும்மா திறந்து, யோசிக்காமல் தட்டிக்கொண்டே போனேன். இருபது நிமிடத்தில் மூன்றாம் முடிவு வந்தது. பத்தொன்பது வரி, கறுப்புத் திரை, முகப்புப் பக்கம். என் கதையே என்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது போல இருந்தது.

அதே கிழமை தெஹிவளை நண்பன் கேட்டான்: "மச்சான், நாலு முடிவு வைச்சு ஒண்டு செய்யப் போறன். ரென்பை சரிவருமா?" அவனுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இது.

ரென்பை இலவசம், கதைத்துண்டுக்குப் பெயரிடும் label, தெரிவு கேட்கும் menu, வேறு துண்டுக்குத் தாவும் jump மூன்றும் தெரிந்தால் கதை ஓடும் என்பதெல்லாம் இதைத் தேடி வந்தவர்களுக்குத் தெரிந்ததுதான். தமிழ் எழுத்து முன்பு கொம்பும் காலும் இடம்மாறி நிற்கும். எழுத்துகளைச் சரியாக அடுக்கும் ஹார்ஃப்பஸ் வந்த பிறகு, தமிழ் எழுத்துரு ஒன்றைச் சேர்த்துவிட்டால் பிரச்சினை இல்லை. என் கோபம் வேறிடத்தில்.

என் கதை கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய அச்சுக்கூடம். அப்பா இறந்த பிறகு அதை என்ன செய்வது என்று மகள் தேவி முடிவெடுக்க வேண்டும். அண்ணன் கனடாவில். அச்சுக்கோக்கும் செல்லையா மாமா முப்பது வருடமாக அங்கேயே இருக்கிறார். முதல் பதிப்பில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஒவ்வொரு நல்ல பதிலுக்கும் ஒரு புள்ளி, கடைசியில் கூட்டல்:

```
if score >= 7:
    jump press
elif score >= 4:
    jump canada
else:
    jump alone
```

பார்க்க எவ்வளவு சுத்தம்! ஆனால் இதில் else-இல் வரும் மூன்றாவது முடிவுக்கு ஒரு காரணமும் இல்லை. மற்ற இரண்டுக்கும் தகுதி இல்லாதவர்களைக் கொட்டும் குப்பைக்கூடை அது. எழுதும்போதும் அப்படித்தான் எழுதினேன். முதல் முடிவு இருநூறு வரிக்கு மேல்; இதற்குப் பத்தொன்பது. அங்கே பாட்டும் பெயர்ப்பட்டியலும் ஓடும்; இங்கே ஒரு return. call இல்லாமல் jump-இல் வந்த label-இல் return நேரே முகப்புப் பக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். ஒரு மூச்சு விடக்கூட இடம் கொடுக்காது. அந்த return-ஐ எழுத மறந்தாலோ இன்னும் மோசம். கதை நிற்காமல் கீழே இருக்கும் அடுத்த label-க்குள் வழுக்கி விழும். ஒருமுறை தேவி கனடாவுக்கு விமானம் ஏறிய அடுத்த வரியில் அச்சுக்கூடத்தில் தனியாக அழுதுகொண்டிருந்தாள்.

அப்போது வெள்ளவத்தையில் இருக்கும் ஒன்றுவிட்ட தங்கச்சியிடம் விளையாடக் கொடுத்தேன். அவளுக்கு alone வந்தது. உடனே முந்திய சேமிப்பைத் திறந்து, "நான் எதில பிழை விட்டனான் அண்ணா?" என்றாள். தேவிக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு அதுதான் அளவுகோல். முடிவு வந்ததும் ஆள் கையை எங்கே வைக்கிறார் என்று பார்ப்பேன். சேமிப்புப் பக்கத்துக்குப் பாய்ந்தால் அது தண்டனை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுப் பாத்திரத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால், எவ்வளவு சோகமாக முடிந்திருந்தாலும் அது முடிவு.

திருத்த எட்டு மாதம் போனது. முதலில் score-ஐ அழித்தேன். கடைசிக் காட்சியில் அச்சுக்கூடச் சாவி மேசையில் இருக்கிறது. அதை யாரிடம் கொடுப்பது என்று தேவியிடமே, அதாவது விளையாடுபவரிடமே, வெளிப்படையாகக் கேட்டேன். வைத்துக்கொள்ளலாம், செல்லையா மாமாவுக்குக் கொடுக்கலாம், விற்றுவிட்டு அண்ணனிடம் போகலாம். எது வந்தாலும் அது அவர் கேட்டு வாங்கியது. முன்பு செய்த தெரிவுகள் வாசலில் நின்று ஆளை மறிப்பதில்லை; உள்ளே வந்த பிறகு காட்சியின் நிறத்தை மாற்றுகின்றன.

```
label canada:
    "பெட்டி கட்டியாயிற்று."
    if paid_arrears:
        "செல்லையா மாமா வாசல்வரை வந்தார்."
    else:
        "மாமாவின் கதிரை வெறுமையாக இருந்தது."
```

else இங்கேயும் இருக்கிறது. ஆனால் அது யாரையும் வேறு முடிவுக்குத் துரத்தவில்லை. மாமாவின் சம்பளப் பாக்கியைக் கொடுக்காமல் விட்டதற்கு என்ன விலையோ, அது மட்டும் தெரிகிறது. இப்படி நாலு விஷயங்களை நினைவில் வைத்தேன். அவற்றை ஒன்றோடொன்று பின்னினால் பதினாறு கலவை எழுத வேண்டி வரும். அதனால் ஒவ்வொன்றுக்கும் தனியாக இரண்டு மூன்று வரிகள், அவ்வளவுதான்.

இது போதும் என்று நினைத்தேன். போதவில்லை. இன்னும் எல்லோரும் "எது உண்மையான முடிவு?" என்றே கேட்டார்கள். காரணம் பிடிபட நாள் எடுத்தது. அப்பா ஏன் கடைசி வருடம் அண்ணனோடு பேசவில்லை என்ற முடிச்சை, சாவியை வைத்துக்கொள்ளும் முடிவில் மட்டும் அவிழ்த்திருந்தேன். பதில் இருக்கும் முடிவுதானே உண்மையான முடிவு. மற்றதெல்லாம் பதில் கிடைக்காமல் போனவர்களுக்கு. எனவே பதிலைப் பிரித்துப் போட்டேன். விற்றால் இலாச்சியைக் காலி செய்ய வேண்டும். அப்பா அனுப்பாத கடிதம் அதில் கிடைக்கும். கடிதத்தின் மறுபக்கத்தை, அண்ணன் என்ன செய்தான் என்பதை, மாமா தன் கையில் சாவி வந்த பிறகுதான் சொல்வார். வைத்துக்கொண்டால் இரண்டும் தெரியாது. ஆனால் அப்பா பாதி கோத்து விட்டுப்போன ஒரு கல்யாண அழைப்பிதழை தேவி கோத்து முடிப்பாள். அந்த எழுத்துகளில் அண்ணனின் பெயர் இருக்கும். மூன்றிலும் ஒன்று கிடைக்கும், ஒன்று போகும். இப்போது மூன்றும் ஏறத்தாழ தொண்ணூறு வரி. பெயர்ப்பட்டியலும் மூன்றுக்கும் ஒன்றே.

ரென்பை என்னை மகிழ்வித்ததும் இங்கேதான். persistent என்ற ஒன்று இருக்கிறது. புதிதாகத் தொடங்கினாலும் அது மறக்காது. பலர் அதை வைத்து, இன்னும் பார்க்காத முடிவுகளைப் பூட்டுப் போட்ட பெட்டிகளாக வரிசையாகக் காட்டுவார்கள். நானும் காட்டினேன்; அது பரீட்சைப் பெறுபேறு போலவே இருந்தது. பூட்டுகளை எடுத்துவிட்டு, கடைசியாகப் பார்த்த முடிவைப் பொறுத்து முகப்புப் படத்தை மாற்றினேன். விற்றவருக்குக் கடைக்கதவில் வேறு பெயர்ப்பலகை. மாமாவுக்குக் கொடுத்தவருக்கு உள்ளே விளக்கு எரியும். return கொண்டுபோய் விடும் அதே முகப்புப் பக்கம் இப்போது கதையின் கடைசிக் காட்சி. ஒரு சின்ன if-தான். இதற்காகவே அந்த மென்பொருளைக் கும்பிடலாம்.

ஆனாலும் நண்பனுக்கு "வேண்டாம்" என்றே சொன்னேன். புள்ளி கூட்டுவதை அது அவ்வளவு இலேசாக்கி வைத்திருக்கிறது. நல்ல வழிக்கு நானாகத்தான் தட்டுத்தடுமாறி வந்தேன். முதலில் காகிதத்தில் எழுது, ஒவ்வொரு முடிவுக்கும் மற்றதில் இல்லாத ஒன்றைக் கண்டுபிடி, பிறகு எதில் வேண்டுமானாலும் செய் என்றேன். சரி சரி என்றான். ஞாயிற்றுக்கிழமை கோப்பை அனுப்பினான். ரென்பைதான். கடைசி இரண்டு வரி:

```
else:
    jump bad_end
```