நேர்கோடா, கூட்டு வளர்ச்சியா: டிஸ்க் எப்போது நிறையும்?

ஒரு வருட மாதாந்திரப் பயன்பாட்டுக் கணக்கு கையில் இருந்தால், டிஸ்க் எப்போது நிறையும் என்று கணிக்க எக்செல்லே போதும். ஆனால் எந்த ஃபார்முலாவைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.

ஒரு ஃபைல் சர்வரில் 10 டிபி இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8 டிபி தாண்டுவதற்குள் புது டிஸ்க் மாட்டியாக வேண்டும். ஒப்புதல், ஆர்டர், டெலிவரி எல்லாம் சேர்த்து மூன்று மாதம் பிடிக்கும். கடந்த 12 மாதப் பயன்பாடு, டிபியில்: 4.00, 4.16, 4.33, 4.50, 4.68, 4.87, 5.06, 5.26, 5.47, 5.69, 5.92, 6.16. மாத எண்கள் A பத்தியிலும் இவை B பத்தியிலும் இருந்தால், 18ஆம் மாதத்துக்கான கணிப்பு இப்படி:

```
=FORECAST.LINEAR(18, B2:B13, A2:A13)
=GROWTH(B2:B13, A2:A13, 18)
```

முதலாவது நேர்கோடு: மாதாமாதம் ஒரே அளவு கூடும் என்று எடுத்துக்கொண்டு 7.26 என்கிறது. இரண்டாவது ஒரே சதவீதத்தில் கூடும் என்று எடுத்துக்கொண்டு 7.79 என்கிறது. பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் 8 டிபியைத் தொடுவது எப்போது என்று பாருங்கள். நேர்கோட்டின்படி இன்றிலிருந்து பத்தாவது மாதம், கூட்டு வளர்ச்சியின்படி ஏழாவது மாதம். நேர்கோட்டை நம்பி ஏழாவது மாதம் ஆர்டர் போட்டு, நடப்பது கூட்டு வளர்ச்சியாக இருந்தால், டிஸ்க் வந்து இறங்கும் நாளில் சர்வரில் 9.1 டிபி இருக்கும்.

எது சரி என்பதை வரைபடத்தைப் பார்த்துச் சொல்வது கஷ்டம். பன்னிரண்டு புள்ளிகளில் இரண்டுமே கோடு மாதிரிதான் தெரியும். பக்கத்தில் ஒரு பத்தி போட்டு, ஒவ்வொரு மாதமும் எவ்வளவு கூடியது என்று கழித்துப் பாருங்கள். இங்கே அது 0.16இல் தொடங்கி 0.24 வரை ஏறுகிறது. நேர்கோடாக இருந்தால் அந்தப் பத்தி ஏறாமல் நின்றிருக்கும். இன்னொரு சோதனை, கடைசி மூன்று மாதத்தை மறைத்துவிட்டு முதல் ஒன்பதை மட்டும் வைத்து 12ஆம் மாதத்தைக் கணிப்பது. நேர்கோடு 5.99 என்கிறது, உண்மை 6.16. கூட்டு வளர்ச்சி கிட்டத்தட்ட சரியாக வந்து நிற்கிறது.

அதற்காகக் கூட்டு வளர்ச்சியைக் கண்மூடி நம்பவும் கூடாது. இதே எண்களை மூன்று வருடம் நீட்டினால் அது 25 டிபி கேட்கும், நேர்கோடு 13 கேட்கும். பயனர்கள் கூடிக்கொண்டே போனால்தான் சதவீதம் தாங்கும். அதே ஆட்கள் அதே வேலையைச் செய்தால் நேர்கோடுதான். ஆறேழு மாதத்துக்குக் கூட்டு வளர்ச்சி, அதற்கு மேல் மறுபடி கணக்கு என்பது என் கட்சி.

இரண்டையுமே கெடுப்பது ஒன்று உண்டு: பழைய லாக்கைத் துடைத்த மாதம். 0.8 டிபி அழித்தால் வளர்ச்சியே இல்லாத மாதிரி கணக்கு காட்டும். அழித்ததைத் திரும்பக் கூட்டிவிட்டுத்தான் ஃபார்முலாவைப் போட வேண்டும்.

பேண்ட்வித் விஷயத்தில் இந்த இரண்டுமே சரிப்படாது. கல்லூரி விண்ணப்பத் தளம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் ஜூன் வரை கோடு போட்டால் வானத்துக்கு ஏறும். ஜூன் முதல் நவம்பர் வரை போட்டால் பாதாளத்துக்கு இறங்கும். இங்கே போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுவதுதான் முறை. போன ஜூனில் 180 எம்பிபிஎஸ், இந்த வருடம் ஜனவரி முதல் மார்ச் வரை போன வருடத்தைப் போல 1.25 மடங்கு என்றால், வரும் ஜூனுக்கு 225. `FORECAST.ETS` இதைத் தானே செய்யும்தான், ஆனால் குறைந்தது இரண்டு முழு வருடக் கணக்கு இல்லாமல் அது சொல்லும் பருவ ஏற்றத்தாழ்வை நான் நம்ப மாட்டேன்.

அப்புறம், எதைக் கணிக்கிறோம் என்பது. மாத மொத்தம் 30 டிபி என்றால் சராசரி சுமார் 93 எம்பிபிஎஸ்தான். 200 எம்பிபிஎஸ் லிங்கில் பாதிகூட ஆகவில்லை என்று தோன்றும். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு அது திணறிக்கொண்டிருக்கலாம். அதனால் 95ஆவது பர்சென்டைலை எடுப்பதே வழக்கம். 30 நாளில் ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக 8640 அளவீடு வரும். மேலே உள்ள 432ஐத் தள்ளிவிட்டு மிச்சத்தில் பெரியதை எடுத்தால் அதுதான். தள்ளியது மொத்தம் 36 மணி நேரம். ரிசல்ட் நாள் நெரிசல் முழுக்க அதற்குள் ஒளிந்துகொள்ளலாம். பில்லுக்கு அது பரவாயில்லை, லிங்க் வாங்குவதற்கு உச்ச அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

போன வருடத்து எண்ணை, லிங்க் பயன்பாட்டை வரைபடமாக்கும் எம்ஆர்டிஜி கருவியின் வருட வரைபடத்திலிருந்து எடுக்காதீர்கள். அதில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு முழு நாளின் சராசரி, சாயங்கால உச்சம் அதில் கரைந்துபோயிருக்கும். மாதம் முடிந்த கையோடு 95ஆவது பர்சென்டைலையும் உச்சத்தையும் தனி ஷீட்டில் எழுதி வைத்தால்தான் அடுத்த வருடம் ஒப்பிட எண் இருக்கும்.