மலிவு கீபோர்டு, இலவச மென்பொருள், நடுவில் மிடி: எந்த வழி தேறும்?

கணினியோடு இணைத்துப் பழக நினைப்பவரிடம் பெரும்பாலும் நான்கில் ஒரு வகைக் கீபோர்டு இருக்கும். சொந்த ஒலியும் யு.எஸ்.பி துளையும் உள்ளது ஒன்று. ஐந்து ஊசி வட்ட சாக்கெட் உள்ள பழையது இன்னொன்று. தானாக ஒலி எழுப்பாத, கணினிக்கென்றே செய்த கன்ட்ரோலர் மூன்றாவது. ஹெட்போன் துளையைத் தவிர வேறொன்றும் இல்லாதது நான்காவது. நான்கிலும் ஒரே பாடத்தை வைத்துப் பார்ப்போம்: மாயாமாளவகௌளையில் முதல் சரளி வரிசை. மென்பொருள் பியானோபூஸ்டர். இலவசம், திறந்த மூலம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். அதில் Follow You என்றொரு முறை உண்டு. சரியான கட்டையை அழுத்தும் வரை பாட்டு அங்கேயே நின்று காத்திருக்கும்.

முதலில் மிடி. கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழி அது. இரண்டையும் இணைக்கும் கேபிளில் ஒலி போவதில்லை, எண்கள்தான் போகின்றன. ஒரு கட்டையை அழுத்தினால் மூன்று பைட்டுகள் கிளம்பும்: எந்தச் சேனலில் என்ன நடந்தது, எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தினோம். கட்டைக்கும் வேகத்துக்கும் 0 முதல் 127 வரை எண்கள். நடு சி என்பது 60. அதை ஷட்ஜமாக வைத்தால் சரளி வரிசையின் ஆரோகணம் 60, 61, 64, 65, 67, 68, 71, 72. பியானோபூஸ்டருக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். உங்கள் கீபோர்டின் ஒலி நன்றாக இருக்கிறதா என்பது அதற்குத் தெரியவே தெரியாது. 1983 ஜனவரியில் அமெரிக்காவின் NAMM என்ற இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ், ரோலண்ட் என்ற இரு போட்டி நிறுவனங்களின் கருவிகளைக் கோத்துக் காட்டிய அதே மொழிதான் இன்றைய சின்னக் கீபோர்டிலும் ஓடுகிறது.

யு.எஸ்.பி துளை உள்ள கீபோர்டு எனக்கு முதல் தேர்வு. காசியோ சிடி-எஸ்200இல் மைக்ரோ யு.எஸ்.பி, யமஹா பிஎஸ்ஆர்-இ373இல் பிரிண்டருக்குச் செருகும் சதுரத் துளை. தோற்றத்தில் நெருங்கிய பிஎஸ்ஆர்-இ273இல் அந்தத் துளை கிடையாது. கடையில் பின்பக்கத்தைத் திருப்பி USB TO HOST என்ற எழுத்தைத் தேடுங்கள். சிடி-எஸ்200க்கு இன்னொரு குறை, அழுத்தும் வேகத்தை அது உணராது. மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே எண்தான் போகும். Follow You-க்கு அது தடையில்லை. ஆனால் கை பழக வேண்டுமென்றால் வேகம் உணரும் சிடி-எஸ்300 பக்கம் போகலாம்.

இந்த வகையில் தனி டிரைவர் தேவைப்படுவது அரிது. கேபிளைச் செருகி, பியானோபூஸ்டரின் மிடி அமைப்பில் உள்ளீடாகக் கீபோர்டின் பெயரைத் தேர்ந்தால் வேலை முடிந்தது. பெயரே வரவில்லையென்றால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். போனுக்குச் சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்களில் தரவுக் கம்பியே இருக்காது. பெயர் வந்தும் எண்கள் வருகின்றனவா என்ற சந்தேகம் இருந்தால் லினக்ஸ் டெர்மினலில் இப்படிப் பார்க்கலாம்:

```
aseqdump -l
aseqdump -p 24:0
```

முதல் வரி போர்ட் எண்ணைச் சொல்லும்; 24:0 என்ற இடத்தில் உங்களுக்கு வந்த எண்ணைப் போடுங்கள். ஷட்ஜத்தை அழுத்தி எடுத்தால் இதைப் போல வர வேண்டும்:

```
24:0   Note on     0, note 60, velocity 64
24:0   Note off    0, note 60
```

விண்டோஸில் இதே வேலைக்கு மிடி-ஆக்ஸ் என்ற இலவச நிரல் இருக்கிறது. ஆனால் அங்கே பல கணினிகளில் ஒரு மிடி போர்ட்டை ஒரு நிரல்தான் பிடித்துக்கொள்ள முடியும். அதனால் சோதித்து முடித்ததும் மூடிவிட்டு, அப்புறம் பியானோபூஸ்டரைத் திறங்கள்.

கர்நாடக சங்கீதம் பழகுபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பாட வசதியாக ட்ரான்ஸ்போஸ் பொத்தானில் ஒன்றரைக் கட்டை வைத்திருப்பார்கள். பல கீபோர்டுகளில் அந்த மாற்றம் வெளியே போகும் எண்ணையும் மாற்றிவிடும். நடு சியை அழுத்தினால் 60க்குப் பதில் 61 போகும்; அது சரளி வரிசையின் ரிஷபம். மென்பொருள் ஷட்ஜத்துக்காகக் காத்துக்கொண்டே இருக்கும், நீங்களும் அதையே அழுத்திக்கொண்டிருப்பீர்கள். ட்ரான்ஸ்போஸைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் சரியாகிவிடும்.

கன்ட்ரோலர் விலைக்கு நல்ல கட்டைகள் கொடுக்கும், மேசையில் இடமும் அடைக்காது. எண் அனுப்புவதில் குறையே சொல்ல முடியாது. சிக்கல் ஒலியில். கட்டையின் எண் கணினிக்குப் போய், அங்கே ஒரு நிரல் அதை ஒலியாக்கி, ஸ்பீக்கருக்கு அனுப்ப வேண்டும். மிடி பங்கில் தாமதம் சொற்பம். பழைய ஐந்து ஊசிக் கேபிளிலேயே மூன்று பைட்டுகள் ஏறக்குறைய 1 மில்லிசெகண்டில் போய்விடும். கணினியின் ஒலிப் பகுதிதான் இழுக்கும். நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் ஓடும்போது, அவற்றைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபர் 1024 என்றிருந்தால் அங்கேயே 23 மில்லிசெகண்ட் போய்விடுகிறது. எண்ணை ஒலியாக்க விண்டோஸில் கூடவே வரும் மைக்ரோசாஃப்ட் ஜிஎஸ் சிந்த் அதைவிட மந்தம். முதல் காலத்தில் ஓரளவு சமாளிக்கலாம். மூன்றாம் காலத்தில் விரல் ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம். பஃபரை 256க்கு இறக்கிப் பாருங்கள். பழைய மடிக்கணினியாக இருந்தால் ஒலி கரகரக்கத் தொடங்கலாம். ப்ளூடூத் ஸ்பீக்கர் வைத்து இதைச் செய்ய நினைக்கவே வேண்டாம். சொந்த ஒலி உள்ள கீபோர்டில் இந்தத் தலைவலியே இல்லை, ஏனென்றால் விரல் பட்டதும் ஒலி அதன் ஸ்பீக்கரிலிருந்தே வந்துவிடுகிறது. இரண்டு ஒலி அடுத்தடுத்துக் கேட்டால் மட்டும் மென்பொருள் பக்கத்து ஒலியைக் குறைத்துவிடுங்கள்.

வட்ட சாக்கெட் உள்ள பழைய கீபோர்டு வீட்டில் கிடந்தால் புதிதாக வாங்க அவசரப்பட வேண்டாம். ஐந்து ஊசியிலிருந்து யு.எஸ்.பிக்கு மாற்றும் கேபிள் போதும். பொதுவாக அதில் IN என்று எழுதிய முனை கீபோர்டின் OUT சாக்கெட்டில் போக வேண்டும். எண் வரவில்லையென்றால் முனைகளை மாற்றிப் பாருங்கள். மிக மலிவான கேபிள்கள் ஒற்றை ஸ்வரங்களில் ஒழுங்காக நடந்துகொண்டு, வேகமாக வாசித்தால் எண்களைத் தவறவிடும். கையை எடுத்த பிறகும் ஒலி நீண்டுகொண்டே போவது அதன் அறிகுறி. aseqdump திரையில் Note on வந்து அதற்கான Note off வராமலிருந்தால் கேபிளை மாற்றிவிடலாம்.

நான்காவது வகையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஹெட்போன் துளையிலிருந்து கணினியின் மைக் துளைக்குக் கம்பி போட்டால் ஒலி பதிவாகும், எண் வராது. பியானோபூஸ்டர் அதைக் கண்டுகொள்ளாது. மைக்கில் கேட்டு ஸ்வரத்தை ஊகிக்கும் செயலிகள் உண்டு. தனி ஸ்வரங்களில் ஓரளவு ஒப்பேற்றும். ஒரே நேரத்தில் பல கட்டைகள், தாழ்ந்த ஸ்தாயி, மேலே ஓடும் மின்விசிறி எல்லாம் சேர்ந்தால் சரியாக வாசித்ததைத் தவறென்று சொல்லும்.

பாடக் கோப்பை நீங்களே செய்துகொள்ளலாம். இலவசமான மியூஸ்ஸ்கோரில் 4/4 தாளத்தில் அந்த எட்டு ஸ்வரங்களையும் இரண்டு பட்டிகளாக எழுதினால் ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் ஆகிவிடும். அடுத்த இரண்டு பட்டிகளில் அவரோகணம். மிடி கோப்பாக ஏற்றுமதி செய்து பியானோபூஸ்டரில் திறங்கள். வேகம் நிமிடத்துக்கு 60 என்று எழுதினால் போதும், பின்னால் அங்கேயே கூட்டிக்கொள்ளலாம். கமகத்துக்கு மட்டும் இந்த வழியில் இடமில்லை. மிடியில் சுருதியை வளைக்க பிட்ச் பெண்ட் என்று தனிச் செய்தி இருந்தாலும், பியானோபூஸ்டர் சரிபார்ப்பது கட்டை எண்ணை மட்டும்தான். ரிஷபத்தை எப்படி அசைத்தாலும் அதற்கு அது வெறும் 61.