ஷோரூமில் 10 சதவீதம், வங்கியில் 12: எது மலிவு?

போன ஐப்பசியில் சித்தப்பா மகனுக்கு முதல் வண்டி எடுக்க மன்னார்குடியில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். ஆன்ரோடு விலை ஒரு லட்சம். முன்பணம் 20,000 போக மீதி 80,000-க்கு மூன்று வருஷத் தவணை, வட்டி 10 சதவீதம்தான், அரை மணி நேரத்தில் வண்டியை எடுத்துட்டுப் போகலாம் என்று அங்கே உட்கார்ந்திருந்த ஃபைனான்ஸ்காரர் சொன்னார். அவன் கணக்கு வைத்திருக்கும் வங்கியில் 12 சதவீதம், சம்பளச் சீட்டு, கொட்டேஷன் எல்லாம் கொடுத்து ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். பார்த்தால் ஷோரூம்தானே மலிவு?

இல்லை. ஷோரூமில் சொன்னது பிளாட் வட்டி. அதாவது நீங்கள் மாதாமாதம் அசலைக் கட்டிக்கொண்டே வந்தாலும் கடைசி மாதம் வரை முழு 80,000-க்கும் வட்டி போடுவார்கள். வருஷத்துக்கு 8,000, மூன்று வருஷத்துக்கு 24,000, தவணை 2,889. வங்கியில் மீதி நிற்கும் அசலுக்கு மட்டும்தான் வட்டி, அதனால் தவணை 2,657, மொத்த வட்டி 15,700-க்குள் முடிந்துவிடும். வங்கி முறையில் கணக்குப் போட்டால் அந்த 10 சதவீதம் கிட்டத்தட்ட 18.

அதனால் சதவீதத்தைக் கேட்காதீர்கள். தவணையை மாதங்களால் பெருக்கி, கடன் தொகையைக் கழித்துப் பாருங்கள், அதுதான் உண்மையான வட்டி. ஆவணக் கட்டணம், பிராசஸிங் கட்டணம் என்று தனியாக வாங்குவதையும் அதோடு சேர்க்க வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் வங்கியோ ஃபைனான்ஸ் கம்பெனியோ, சில்லறைக் கடன் கொடுக்கும்போது எல்லாக் கட்டணமும் சேர்ந்த வருடாந்திர வட்டி விகிதத்தைக் காட்டும் முக்கிய விவரத் தாளை நமக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதைக் கேட்டு வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

அப்புறம் முன்பணம். என்னைக் கேட்டால் எங்கே கடன் வாங்குகிறோம் என்பதைவிட இதுதான் பெரிது. சித்தப்பா வீட்டில் சம்பா அறுவடை தையில், கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் கணக்குக்கு வந்ததும் இன்னும் 20,000 சேர்த்துக் கட்டலாம் என்றார்கள். மூன்று மாதம் பொறுத்து 40,000 கட்டி, 60,000 மட்டும் வங்கியில் இரண்டு வருஷத்துக்கு எடுத்தால் தவணை 2,824. ஷோரூம் தவணையைவிடக் குறைவு, ஒரு வருஷம் முன்னாடியே முடியும், வட்டி 7,800-க்குள்தான். தம்பி பொறுத்தான், அப்படியே எடுத்தான்.

சம்பளச் சீட்டு இல்லாமல் விளைச்சலை மட்டும் நம்பியிருக்கிறவர்களுக்கு வங்கி பல நேரம் கொடுக்காது, ஷோரூம் கடன்தான் வழி. அப்படியானால் அங்கேயும் முன்பணத்தை ஏற்றி, காலத்தை இரண்டு வருஷமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அதே 60,000-க்கு 10 சதவீத பிளாட் வட்டியில் மாதம் 3,000, வட்டி 12,000. நெல் பணம் வராத மாதங்களிலும் தவணை தேதிக்குக் கணக்கில் அந்த 3,000 இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தவணை திரும்பும், ஃபைனான்ஸ் கம்பெனி ஒரு அபராதமும் உங்கள் வங்கி ஒரு அபராதமும் பிடிக்கும். எனவே மூன்று தவணைக்கான பணத்தை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தை முன்பணமாகக் கொடுங்கள்.