“கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்” என்ற ஒரு வார்த்தையில் 28 இலட்சம் போனது

கொழும்பில் சிறிய அளவில் கட்டட கொந்தராத்து எடுத்துச் செய்யும் எங்கட ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். கிளையன்டின் பெயரைப் போடவில்லை. போட்டாலும் இன்னொரு பெயரில் இதே ஆள் உங்களிடமும் வருவார்.

வெள்ளவத்தையில் ஐந்து மாடி அப்பார்ட்மென்ட். தொகை 12 கோடி ரூபா. பிந்தினால் ஒரு நாளைக்கு 0.05 வீதம், அதாவது 60,000 ரூபா எல்.டி. என்ற தாமத நட்டஈடு வெட்டுவார்கள். ஒப்பந்தம் 1999ஆம் ஆண்டு ஃபிடிக் சிவப்புப் புத்தகம் என்ற சர்வதேசக் கட்டட ஒப்பந்த நிபந்தனைகளில். கையெழுத்துப் போடும்போது நான் விலையையும் பி.ஓ.கியூ. என்ற வேலை அளவுப் பட்டியலையும்தான் பார்த்தேன். கிளெய்ம் நோட்டீஸ் பற்றிய 20.1ஆம் வாசகத்தை யார் படிக்கிறார்கள்?

ஜூன் 6ஆம் திகதி லிஃப்ட் ஷாஃப்டின் சுவரைத் தொடங்கியிருக்க வேண்டும். அதற்கு இரண்டு கிழமை முன்னால் கிளையன்ட் லிஃப்டை மாற்றிவிட்டார். ஆறு பேர் ஏறுவதற்குப் பதில் எட்டுப் பேர். ஷாஃப்டின் அளவு மாறும், சுவரின் கம்பி மாறும், புது ட்ராயிங் வேண்டும். ஷாஃப்டும் ஸ்லாபும் சேர்ந்துதான் ஏறும் என்பதால், அது நின்றால் மேலே ஒன்றும் நகராது. ட்ராயிங் கைக்கு வந்தது ஜூலை 23. சரியாக 47 நாள்.

கிளையன்டின் ப்ரொஜெக்ட் மனேஜர் எங்கட ஊர்ப்பக்கத்து ஆள்தான். நான் கடிதம் எழுதட்டுமா என்று கேட்டேன். பிளேன்டீயைக் குடித்தபடியே சொன்னார்: “தம்பி, உதெல்லாம் எழுதி என்னத்துக்கு உறவைக் கெடுக்கிறியள்? கடைசியில மொத்தமா ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டுத் தாறன்.” நான் நம்பினேன். அந்த 47 நாளில் வாட்ஸ்அப்பில் மட்டும் 11 தடவை கேட்டிருக்கிறேன், “அண்ணை, ட்ராயிங் எப்ப வரும்?” என்று. பதிலுக்குப் பெரும்பாலும் கட்டைவிரல் படம்தான் வந்தது.

அப்புறம் ஒக்டோபர் கடைசியில் மழை. அதற்கு மட்டும் முறையாகக் கடிதம் எழுதினேன். மழையிடம் என்ன முகதாட்சண்யம்?

வேலை முடிந்தது 61 நாள் பிந்தி. ஜனவரியில் மொத்தமாக ஈ.ஓ.டி., அதாவது கால நீட்டிப்பு கேட்டு ஃபைல் கொடுத்தேன். அதே அண்ணை இரண்டு பக்கக் கடிதத்தில் பதில் அனுப்பினார். மழைக்கு 14 நாள் சரியாம். ட்ராயிங்குக்கு 28 நாளுக்குள் நோட்டீஸ் வரவில்லை, ஆகவே 20.1இன் கீழ் நேரமும் இல்லை, பணமும் இல்லை. மிச்ச 47 நாளுக்கு எல்.டி. 28 இலட்சத்து 20,000 ரூபா, கடைசி பில்லில் கழிக்கப்படும்.

அன்றைக்கு இரவுதான் அந்த வாசகத்தை முழுசாகப் படித்தேன். தாமதத்தை உண்டாக்கும் சம்பவம் உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 28 நாள். தாமதம் முடிந்த பிறகு அல்ல. என் கணக்கில் ஜூன் 6இலிருந்து எண்ணினாலும் ஜூலை 4ஓடு கதவு மூடிவிட்டது. ட்ராயிங் வரும்போது நான் ஏற்கெனவே வெளியே நிற்கிறேன், அது எனக்கே தெரியாது. இவ்வளவுக்கும் அந்த நோட்டீஸில் எத்தனை நாள், எவ்வளவு காசு என்று சொல்லத் தேவையே இல்லை. இன்ன ட்ராயிங் இன்ன திகதியிலிருந்து வரவில்லை, இதற்கு நேரமும் செலவும் கேட்கப்போகிறோம் என்று நாலு வரி போதும். விபரமான கிளெய்மை 42 நாளுக்குள் கொடுக்கலாம். தாமதம் தொடர்ந்துகொண்டே இருந்தால் மாதம் ஒரு தடவை இடைக்காலக் கணக்கு.

வாட்ஸ்அப்பைக் காட்டினேன். சரிவரவில்லை. நோட்டீஸ் எழுத்தில் இருந்தால் மட்டும் போதாது; கையில் கொடுத்து ரசீது வாங்க வேண்டும், அல்லது தபாலில், கூரியரில் அனுப்ப வேண்டும், அல்லது ஒப்பந்தத்தில் ஒத்துக்கொண்ட மின்வழியில் போக வேண்டும். எங்கள் ஒப்பந்தத்தில் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. மீட்டிங் குறிப்பைக் காட்டினேன். ஜூன் 12 குறிப்பில் “லிஃப்ட் ஷாஃப்ட் ட்ராயிங் கிளையன்ட் தரவேண்டும்” என்று அவர்களே எழுதியிருந்தார்கள். அளவும் செலவும் கணக்குப் பார்க்கும் தெரிந்த ஒரு கியூ.எஸ். பார்த்துவிட்டுச் சொன்னார், ட்ராயிங் வரவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும் என்பதைத்தான் இது காட்டுகிறது, நீர் கிளெய்ம் பண்ணப்போகிறீர் என்பதை அல்ல என்று. இரண்டும் வேறு. இதை வைத்து வாதாட இடமிருக்கிறது, ஆனால் வெல்வோம் என்று சொல்ல முடியாது என்றார்.

சைட்டில் கூடுதலாக நின்ற செலவில் நான் விட்ட பிழை இன்னும் கேவலம். 61 நாள் பிந்தியது, ஆகவே கடைசி இரண்டு மாதத்தில், டிசம்பர், ஜனவரியில் சைட்டில் என்ன செலவானதோ அதைப் போட்டேன். அதில் ஹொய்ஸ்ட் வாடகையும் இருந்தது. கன்சல்டன்ட் கேட்டார், “ஜூனில உங்கட சைட்டில ஹொய்ஸ்ட் நின்றதா?” நிற்கவில்லை. கிரவுண்ட் ஃப்ளோரில் ஹொய்ஸ்டுக்கு என்ன வேலை? அந்த ஒரு கேள்வியோடு என் ஃபைல் முழுவதும் சந்தேகமாகிவிட்டது.

தாமதம் நடந்த நாட்களில் சைட்டில் என்ன நின்றதோ, அதற்கு உண்மையில் எவ்வளவு கொடுத்தோமோ, அதைத்தான் கேட்க வேண்டும். ஜூன், ஜூலை பில்களை எடுத்துப் பார்த்தோம். எஞ்சினியர், சுப்பர்வைசர், ஸ்டோர்கீப்பர் சம்பளம், இரவு பகல் செக்யூரிட்டி, தொழிலாளர் தங்கிய வீட்டு வாடகை, கரண்ட், தண்ணீர் எல்லாம் சேர்ந்து மாதம் 6 இலட்சத்து 30,000. சும்மா அடுக்கி வைத்திருந்த ஜக், ஷட்டர் வாடகை 2 இலட்சத்து 70,000. மொத்தம் 9 இலட்சம், நாளுக்கு 30,000. 47 நாளுக்கு 14 இலட்சத்து 10,000 ரூபா. மேசன் பாஸ்மாரை அந்த நேரம் தெஹிவளை சைட்டுக்கு அனுப்பியிருந்தேன், அதனால் அவர்கள் கூலி இதில் வராது. பேங்க் பொண்டை நீட்டிய கட்டணம் மட்டும் கடைசியில் வந்தாலும் கேட்கலாம், ஏனென்றால் அது தாமதத்தால் மட்டுமே வந்த செலவு.

மழைக்கு ஒரு சதமும் இல்லை. இந்த நிபந்தனைகளில் வழமைக்கு மாறான காலநிலைக்கு நேரம் மட்டும்தான் தருவார்கள். அதுவும் கொழும்பில் ஒக்டோபர் மழை புதினமில்லை என்பார்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தில் முந்திய வருடங்களின் மழையளவை எடுத்து ஒப்பிட்டுக் காட்டியபடியால்தான் 14 நாளாவது கிடைத்தது. ஆக, எழுதிய ஒரே கடிதம் காசு தராத காரணத்துக்கு. காசு தரக்கூடிய காரணத்துக்கு நான் கேட்டதெல்லாம் கட்டைவிரலிடம்.

எட்ஜூடிகேட்டர், அதற்கு மேல் நடுத்தீர்ப்பு என்று போயிருக்கலாம். ஆனால் பில்களில் பிடித்து வைத்த ரிடென்ஷன் காசு அவர்கள் கையில், பழைய சோனகத் தெருக் கடைகளுக்கு நான் கொடுத்த செக்குகள் பேங்கில். பாதி எல்.டி.யை விட்டுத் தருகிறோம், இனி ஒரு கிளெய்மும் இல்லை என்று கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். போட்டேன். மிச்சப் பாதி எல்.டி. 14 இலட்சத்து 10,000, சைட்டில் நின்ற செலவும் அதே அளவு, இரண்டும் அதோடு போனது.

இப்போது தெஹிவளை சைட்டில் டைல்ஸ் தெரிவு பிந்துகிறது. மூன்றாம் நாளே கடிதம் கொடுத்து, பிரதியில் திகதியும் கையெழுத்தும் வாங்கி ஃபைலில் போட்டேன். அந்தக் கிளையன்ட் போன் எடுத்து, “என்ன தம்பி, எங்களில நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டார். நல்ல நம்பிக்கை அண்ணை, ஷாஃப்ட் ட்ராயிங்குக்கும் இதே கேள்விதான் கேட்டார்கள் என்றேன். அவருக்கு விளங்கவில்லை.