இரண்டரை வருடமாக ஒரு தண்ணீர் மெஷின்: பெரிய ஒரு ரூபாயும் புது இரண்டு ரூபாயும்

குளச்சலில் கடை வைத்திருக்கும் நண்பர் போன வாரம் போன் பண்ணினார். "அண்ணாச்சி, நம்ம கடை வாசல்லயும் காசு போட்டா தண்ணி வர்ற மெஷின் ஒண்ணு வைக்கலாம்னு இருக்கேன். உங்ககிட்ட இருக்குல்லா, வாங்கலாமா?" என்று கேட்டார். நேரில் சொல்கிறேன் என்றேன். யோசித்துப் பார்த்தால், நேரில் சொல்லி முடிகிற கதை இல்லை இது. அதனால் எழுதிவிடுகிறேன்.

மெஷின் திங்கள்சந்தையில் என் கடை வாசலில் நிற்கிறது. ஒரு ரூபாய்க்கு ஒரு லிட்டர். பில்டர், மோட்டார், டேங்க் எதிலும் பெரிய குறை இல்லை. அதைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். என் தூக்கத்தைக் கெடுத்தது காசு விழுகிற இடம் மட்டும்தான்.

முதல் மாதமே கணக்கு இடித்தது. ஒரு ராத்திரி பெட்டியைத் திறந்து எண்ணினேன். மெஷினின் கவுண்டர் 386 ரூபாய் என்றது. பெட்டியில் இருந்தது 351. வித்தியாசம் 35. கவுண்டர்தான் கோளாறு என்று நினைத்து மெக்கானிக்கைத் திட்டக்கூடப் போனேன். என் மனைவிதான் காசைத் தரையில் கொட்டி வகை பிரித்தாள். பழைய பெரிய ஒரு ரூபாய்க் காசு மட்டும் தனியாக ஒரு குவியல். எண்ணிப் பார்த்தால் சரியாக 35. ஒவ்வொன்றையும் மெஷின் இரண்டு ரூபாய் என்று எண்ணியிருக்கிறது.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. 1992 முதல் 2010 வாக்கில் வரை வந்த ஸ்டீல் ஒரு ரூபாயின் விட்டம் 25 மில்லிமீட்டர், எடை 4.85 கிராம். 2011இல் ரூபாய்க் குறியோடு புது வரிசை வந்தபோது ஐம்பது பைசா, ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகளைச் சிறிதாக்கினார்கள். அப்போது வந்த இரண்டு ரூபாயின் விட்டம் 25 மில்லிமீட்டர், எடை 4.85 கிராம். அதே ஸ்டீல். பழைய ஒரு ரூபாயின் உடம்பை அப்படியே எடுத்து இரண்டு ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார்கள். உலோகம் ஒன்று, அகலம் ஒன்று, எடை ஒன்று என்றால் தடிமன் மட்டும் எப்படி வேறாகும்? படம் புடைத்திருக்கும் அளவுக்குத்தான் வித்தியாசம் இருக்க முடியும். நகைக்கடைத் தராசில் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். தேய்ந்த காசு கொஞ்சம் குறைவாகக் காட்டியது, அவ்வளவுதான்.

மெஷின் காசின் முகத்தைப் பார்ப்பதில்லை. உள்ளே ஒரு சரிவு இருக்கிறது. போட்ட காசு நிமிர்ந்த வாக்கில் அதில் உருண்டு போகும். போகிற வழியில் ஒரு ஒளிக்கற்றை. காசு பெரிதாக இருந்தால் அதை அதிக நேரம் மறைக்கும், சிறிதாக இருந்தால் குறைந்த நேரம். விட்டத்தை அதை வைத்து அளக்கிறது. அதே வழியில் இரண்டு பக்கமும் செம்புக் கம்பிச் சுருள்கள். அவற்றில் ஓடும் மின்சாரம் காசு குறுக்கே வரும்போது மாறும். ஸ்டீலுக்கு ஒரு மாதிரி, பித்தளைக்கு ஒரு மாதிரி. காசு தடிமனாக இருந்தால் அதன் முகம் சுருளுக்கு நெருங்கி வரும், மாற்றமும் கூடும். ஆக அகலம், தடிமன், உலோகம் என்று மூன்றுதான் அதற்குத் தெரியும். அசோகச் சக்கரமோ, எண்ணோ, வருடமோ தெரியாது.

இந்த அறிவை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். 2005 முதல் சில வருடம் வந்த ஸ்டீல் இரண்டு ரூபாய்க்கு விட்டம் 27 மில்லிமீட்டர். பத்து ரூபாய்க்கும் அதே 27. ஒரு தடவைகூட இதை அதுவென்று எடுத்ததில்லை. ஒன்று முழு ஸ்டீல், இன்னொன்று மஞ்சள் வளையம் போட்ட இரட்டை உலோகம் என்பதைச் சுருள் பிடித்துவிடுகிறது. எனக்கு இன்னும் ஆச்சரியமானது 23 மில்லிமீட்டர் காசு. 2007 வாக்கில் கொஞ்ச காலம் ஐந்து ரூபாயை ஸ்டீலில் அடித்தார்கள்: 23 மில்லிமீட்டர், 6 கிராம். 2019இல் அறிவித்த வரிசையின் இரண்டு ரூபாயும் ஸ்டீல், 23 மில்லிமீட்டர்தான், ஆனால் 4.07 கிராம். அகலமும் உலோகமும் ஒன்று. எடையை வைத்துக் கணக்குப் போட்டால் ஐந்து ரூபாயின் சராசரித் தடிமன் சுமார் 1.9 மில்லிமீட்டர், இரண்டு ரூபாயின் தடிமன் சுமார் 1.3. அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். உருண்டு போகிற அந்த ஒரு நொடிக்குள் அதைக் கண்டுபிடித்து, கற்றுக்கொடுக்காத ஐந்து ரூபாயை வெளியே தள்ளிவிடுகிறது. முதல் தடவை பார்த்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

தடிமன் காப்பாற்றுகிற இடம் அது. பழைய ஒரு ரூபாய்க்கும் 2011 இரண்டு ரூபாய்க்கும் நடுவில் காப்பாற்ற எதுவுமே இல்லை.

நான் சும்மா இருக்கவில்லை. காசை வாங்கிச் சோதிக்கும் பாகத்துக்கு அக்செப்டர் என்று பேர். அதில் சின்னத் திரை ஒன்று உண்டு. அதில் E என்பது எத்தனை வகைக் காசு, H என்பது மாதிரிக்கு எத்தனை காசு போடப்போகிறோம், P என்பது அந்தக் காசுக்கு எத்தனை மின்துடிப்பு அனுப்ப வேண்டும், அதாவது எத்தனை ரூபாய், F என்பது எவ்வளவு கறார். F எண் குறைந்தால் கறார் கூடும். என்னுடையது 8இல் இருந்தது. 3க்குக் கொண்டுபோனேன். பழைய ஒரு ரூபாய் நிற்கவில்லை, அது பாட்டுக்கு உள்ளே போனது. ஆனால் தேய்ந்த இரண்டு ரூபாயெல்லாம் திரும்பி வர ஆரம்பித்தது. கடலோரத்தில் இருந்து வருகிற காசு உப்புக்காற்றில் கறுத்து, பிசுபிசுத்து வரும். அதையும் துப்பியது. ஆட்கள் மெஷினைத் தட்ட ஆரம்பித்தார்கள். திரும்ப 8.

அடுத்து இரண்டையும் தனித்தனி வகையாகக் கற்றுக்கொடுத்தேன். பெரிய ஒரு ரூபாய் 20 போட்டு ஒரு துடிப்பு, இரண்டு ரூபாய் 20 போட்டு இரண்டு துடிப்பு. இரண்டு அடையாளமும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்துவிட்டது போல. ஒரே காசுக்கு ஒரு நேரம் ஒரு லிட்டர், இன்னொரு நேரம் இரண்டு லிட்டர். இது முன்னதைவிட மோசம், ஏனென்றால் கணக்கே போட முடியாது. அதன் பிறகு 25 மில்லிமீட்டர் ஸ்டீல் எது வந்தாலும் ஒரு துடிப்பு என்று வைத்தேன். எனக்கு நஷ்டம் நின்றது. ஆனால் ஒரு பெரியவர் கடைக்குள் வந்து, "ரெண்டு ரூவா போட்டேன், ஒரு லிட்டர்தான் வருது. இது என்ன நியாயம் வே?" என்று கேட்டார். நியாயம் இல்லைதான். அவர் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அன்றைக்கே அந்த வகையை அழித்தேன். இப்போது 25 மில்லிமீட்டர் ஸ்டீலை மெஷின் வாங்குவதே இல்லை.

இதில் இன்னொரு சங்கடம், என் அக்செப்டருக்கு ஆறு வகைதான் நினைவில் நிற்கும். நம் ஊரில் செல்லுகிற காசை அளவையும் உலோகத்தையும் வைத்துப் பிரித்தால் ஒரு ரூபாய் முதல் 20 ரூபாய் வரை குறைந்தது 13 வகை வரும். ஒரு ரூபாய் மட்டுமே 25, 22, 20 மில்லிமீட்டர் என்று மூன்று. நான் வைத்திருக்கும் ஆறு: 22 ஒரு ரூபாய், 20 ஒரு ரூபாய், 23 இரண்டு ரூபாய், 23 பித்தளை ஐந்து, 25 பித்தளை ஐந்து, அப்புறம் பத்து. 20 ரூபாய்க்கு இடமில்லை. அது பன்னிரண்டு முனை உள்ளது, முனைக்கு முனை 27 மில்லிமீட்டர், பட்டைக்குப் பட்டை சுமார் 26. மெஷின் திருப்பித் தள்ளிவிடும். அதில் எனக்கு வருத்தமில்லை.

22 மில்லிமீட்டரிலும் அதே கதைதான். 2011 ஒரு ரூபாய் 22 மில்லிமீட்டர், 3.79 கிராம். பழைய ஸ்டீல் ஐம்பது பைசாவும் 22 மில்லிமீட்டர், 3.79 கிராம். உண்டியலை உடைத்த யாரோ ஒருவர் புண்ணியத்தில் ஒரு நாள் பெட்டியில் பதினொரு எட்டணா கிடந்தது. எட்டணா இப்போது கையில் புழங்குவதே அரிது என்பதால் அதை விட்டுவிட்டேன்.

இது நம் ஊர்க் காசுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. துபாயில் இருந்த என் மச்சான் சொல்லுவார், அங்கே ஒரு திர்ஹம் 24 மில்லிமீட்டர், பிலிப்பைன்ஸ் ஒரு பெசோவும் அன்று அதே 24. ஒரு திர்ஹத்துக்கு 100 பில்ஸ். வெறும் 8 பில்ஸ் பெறுமானமுள்ள பெசோவைத் திர்ஹம் என்று போட்டு மெஷின்களை ஏமாற்றுகிறார்கள் என்று 2006இல் அங்கே பெரிய பேச்சாக இருந்தது. ஆனால் அது வேறு நாட்டுக் காசு. இங்கே ஒரே சர்க்கார் அடித்த இரண்டு காசு ஒன்றையொன்று ஏமாற்றுகிறது. அதுதான் எனக்குக் கோபம்.

நல்லதையும் சொல்ல வேண்டும். பத்து ரூபாய்க் காசை நம் பக்கத்தில் எத்தனை கடைகளில், பஸ்களில் வாங்க மாட்டோம் என்றார்கள். கோடு பத்து இருந்தால் நல்லது, பதினைந்து இருந்தால் செல்லாது என்று ஒரு வதந்தி. 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே சொன்ன பிறகும் சந்தேகம் போகவில்லை. என் மெஷின் எல்லாவற்றையும் வாங்கியது. படம் பதினாலு விதமானாலும் அகலமும் உலோகமும் மாறவில்லையே. வேறெங்கும் வாங்காத காசைக் கொண்டுவந்து பத்து லிட்டர் பிடித்துப் போனவர்கள் நிறைய. தக்கலையில் இருந்துகூட ஒருவர் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார்.

காசு கற்றுக்கொடுக்கும்போது ஒரு தப்பு செய்தேன், நீங்கள் செய்ய வேண்டாம். பேங்கில் வாங்கிய ஒரே பாக்கெட்டில் இருந்து 20 புதுக் காசை மாதிரியாகப் போட்டேன். மெஷின் புதுக் காசை மட்டும் காசு என்று நம்பியது. பிறகு சந்தையில் புழங்கிய காசு, கறுத்தது, தேய்ந்தது, புதுசு எல்லாம் கலந்து போட்ட பிறகுதான் திருப்பித் தள்ளுவது குறைந்தது. சரிவில் மண் சேர்ந்தாலும் காசின் வேகம் மாறி விட்டம் தப்பாகத் தெரியும். வாரம் ஒரு தடவை காய்ந்த துணியால் துடைக்கிறேன்.

இதெல்லாம் பார்த்தால் வாங்கலாம் என்றுதான் சொல்ல வேண்டும். கள்ளக் காசு ஒன்றுகூட இத்தனை நாளில் உள்ளே போனதில்லை. ஆனாலும் குளச்சல் நண்பருக்கு நான் சொல்வது, வாங்காதீங்க. இப்போது இதை எழுதுகிற மனநிலையில் வேறு பதில் வரவில்லை. இன்று காலையில் பக்கத்துத் தெருச் சிறுமி ஒருத்தி குடத்தோடு வந்தாள். கையில் இரண்டு இரண்டு ரூபாய், இரண்டும் 25 மில்லிமீட்டர். போட்டாள், திரும்பி வந்தது. பாவாடையில் துடைத்துவிட்டுப் போட்டாள், திரும்பி வந்தது. நல்ல காசு, சர்க்கார் காசு, அதை என் மெஷின் வேண்டாம் என்கிறது. நான் கடைக்குள் வியாபாரத்தில் இருந்ததால் பார்க்கவில்லை. வெளியே வந்தபோது காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பாதித் தெரு போய்விட்டாள். கூப்பிட்டு, மெஷினின் பின்கதவைச் சாவியால் திறந்து, கையால் குழாயைத் திருப்பிக் குடத்தை நிரப்பிக் கொடுத்தேன். அந்த நாலு ரூபாயை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். இன்னும் அங்கேயே இருக்கிறது.